டிபன் பைக்குள் ஓர் இன்லேண்ட் லெட்டர்

லேக் கார்டன்ஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. பாட்டி கும்பகோணத்திலிருந்த தன் தங்கைக்கு வெள்ளிக்கிழமைதோறும் இன்லேண்ட் லெட்டர் எழுதுவாள். முதலில் பிள்ளையார் சுழி, அடுத்து 'உபய க்ஷேமம்', அதன்பின் லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ என்ன விலை விற்றது என்பது. இடம் தீர்ந்துபோனால் ஓரத்தில் குறுக்காக எழுதுவாள். தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவது என் வேலை. பெட்டியின் வாய் எனக்கு எட்டாத வயதில் அவளே இடுப்பில் தூக்கிவைத்துப் போடச் சொல்வாள்.

பாட்டி ஐந்தாவது வரை படித்தவள். கல்கத்தாவுக்கு வந்தபின் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டியே வங்காளி படிக்கக் கற்றுக்கொண்டாள். நேருக்கு நேர் யாருக்கும் புத்தி சொல்லமாட்டாள். மனசில் இருப்பதெல்லாம் அவளுக்குக் கடிதத்தில்தான் வரும்.

1986 ஏப்ரல் கடைசியில் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து டாலிகஞ்ச் வரை நீண்டது. அந்த மழைக்காலத்தில்தான் பெத்யூன் கல்லூரியில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தேன். முதல் நாள் ரவீந்திர சரோவர் ஸ்டேஷனில் வண்டி ஏறி உட்கார்ந்து, டிபன் பையைத் திறந்து பார்த்தால், டப்பாவுக்கு அடியில் ஓர் இன்லேண்ட் லெட்டர். என் பெயருக்குக் கீழே பெத்யூன் கல்லூரி, பிதான் சரணி, கல்கத்தா என்று முழு விலாசமும் எழுதி ஒட்டியிருந்தாள். 'சி. பேத்திக்குப் பாட்டி அநேக ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம்' என்று தொடங்கியது. ஒரே வீட்டில்தான் இருந்தோம்; ஆனாலும் கடிதம் என்றால் அதற்குரிய முறையோடு எழுதுவதுதான் அவள் வழக்கம்.

காளிகாட் தாண்டுவதற்குள் சாப்பாட்டு விஷயம் முடிந்திருந்தது. 'தயிர்சாதம் என்று நினைக்காதே, அது பால்சாதம். சாதத்தைக் குழைய வடித்து, ஆறவைத்து, நிறையப் பால் விட்டு ஒரு ஸ்பூன் தயிர்தான் கலந்திருக்கிறேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மத்தியானத்துக்குள் தானே தோய்ந்துவிடும். காலையிலேயே தயிர் விட்டுப் பிசைந்தால் ஒரு மணிக்குப் புளித்துப்போகும். சாதம் சூடாக இருக்கும்போது பாலையும் தயிரையும் சேர்த்தால் திரிந்துவிடும். பக்கத்தில் மீன் சாப்பிடுகிற பெண் உட்கார்ந்தால் எழுந்து போகாதே. கடுகெண்ணெய் வாசனைக்கு முகம் சுளிக்காதே. அது அவள் அம்மா கையால் செய்தது. மூத்த பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் தீதி என்று கூப்பிடு.'

எஸ்பிளனேடில் இறங்கி ஷ்யாம்பஜார் ட்ராமில் ஏறிய பிறகு அடுத்த மடிப்பைப் பிரித்தேன். அதில் இருந்தது மழை. 'தண்டனியா காளி கோவில் பக்கம் ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும், ட்ராம் நின்றுவிடும். இறங்கி நடக்க வேண்டி வந்தால் முன்னால் ஓர் ஆள் நடந்த தடத்திலேயே போ. தண்ணீர் ஓரிடத்தில் சுழித்து உள்ளே இறங்கினால் அங்கே மேன்ஹோல் மூடி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கிளை நட்டுவைத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். முடியாவிட்டால் கைரிக்‌ஷாவில் ஏறு. அதற்குச் சில்லறை தனியாக முடிந்து வைத்திருக்கிறேன். ஹெதுவா என்று கண்டக்டர் சொன்னால் இறங்கு. குளத்தின் கம்பி வேலி தெரியும். எதிர்ச்சாரியில் காலேஜ் கேட்.'

பாட்டி லேக் மார்க்கெட்டைத் தாண்டித் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை. கம்பி வேலி வரைக்கும் எப்படித் தெரிந்தது? எதிர்வீட்டு மாஷிமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நான் இல்லாத ஒரு நாளில் அந்த வழி முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பின்னால் மாஷிமாவே சொன்னார். கேட்டுக்கு வெளியே நின்று அவர் ஒரு கதையும் சொல்லியிருக்கிறார். அது கடிதத்தின் ஓரத்தில் குறுக்கெழுத்தில் இருந்தது. 1883-இல் இங்கிருந்துதான் காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் பி.ஏ. பட்டம் வாங்கினார்கள். ஒருத்தி அப்புறம் டாக்டரானாள், இன்னொருத்தி எம்.ஏ. முடித்து இதே காலேஜுக்குப் பிரின்ஸிபாலாக வந்தாள். 'அவர்கள் நடந்த வாசல். நீ நன்றாகப் படி என்று நான் எழுதப்போவதில்லை. புரியாததை வகுப்பிலேயே எழுந்து கேள். உன் வங்காளியில் தமிழ் வாடை அடித்தால் அடிக்கட்டும். காய்கறிக்காரியிடம் நான் பேசிப் பேசித்தானே பழகினேன்.'

கடைசியில் பதில் கேட்டிருந்தாள். வாயால் சொன்னால் போதாதாம், எழுத வேண்டுமாம். 'பக்கத்தில் யார் உட்கார்ந்தாள், என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.'

முதல் பிராக்டிகல் முடிந்த அன்று எழுதினேன். வெங்காயத்தின் உள்தோலை மெல்லியதாக உரித்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். செங்கல் அடுக்கியதுபோலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன என்று. அடுத்த வெள்ளிக்கிழமை தங்கைக்கு எழுதியதோடு எனக்கும் ஒன்று எழுதி டிபன் பையில் வைத்திருந்தாள். அந்த அறைகளுக்குள்ளே என்ன இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.