முதலில் திசை, பிறகு சொல்

விரிவுரையாளர் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் பேசுகிறார். கையால் எழுதும் மாணவர் அந்த நொடியில் அரைச் சொல்லைக்கூட முடிப்பதில்லை. தாய்மொழியில் படிப்பவருக்கும் இதுதான் கணக்கு. ஆனால் அவருக்குக் கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கிவிடுவதால், எதை விடலாம் என்று தீர்மானிக்க மனதில் இடம் மிஞ்சுகிறது. இரண்டாம் மொழியில் கேட்பவருக்கு அந்த இடத்தைச் சொற்களைப் பிரித்தறியும் வேலையே தின்றுவிடுகிறது. ஆகவே அவர் வேகமாக எழுதப் பழகி இந்த இடைவெளியைக் கடக்க முடியாது. எதற்காகக் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நான் கலகெதரயில் தமிழ்மொழிமூலம் உயர்தரம் வரை படித்தேன். பேராதனையில் விவசாயம், அதன் பிறகு இங்கிலாந்தில் தாவர நோயியலில் முதுமாணி. இப்போது கண்டி, கட்டுகஸ்தோட்டை, கலகெதரப் பக்கங்களிலிருந்து வெளிநாடு போகவிருக்கும் பிள்ளைகளுக்குக் குறிப்பெடுக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் எப்போதும் ஒரே கேள்வி வருகிறது: “சேர், சுருக்கெழுத்துப் பழகினால் முழுவதையும் எழுதிவிடலாம்தானே?” முழுவதையும் எழுதுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பட்ரீசியா டங்கல் 1988இல் வெளியிட்ட ஆய்வில், எத்தனை சொற்களை எழுதினார்கள் என்பது பரீட்சைப் புள்ளியைத் தீர்மானிக்கவில்லை. குறைந்த சொற்களில் எவ்வளவு விஷயத்தைப் பிடித்தார்கள் என்பதே உதவியது.

தமிழ்க் காதுக்கென்று ஒரு பழக்கம் உண்டு, முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம் வாக்கியத்தில் முடிவு கடைசியில் இருக்கிறது. ‘மண்தான் காரணம் என்று தோட்டக்காரர்கள் நம்பியது சரியில்லை’ என்று சொன்னால், அந்த ‘இல்லை’ வரும்வரை நாம் பொறுமையாகக் காத்திருப்போம். ஆங்கிலத்தில் திசை பெரும்பாலும் வாக்கியத்தின் வாசலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ‘ஆல்தோ’, ‘ஹவெவர்’, ‘இட் வாஸ் வன்ஸ் தோட் தட்’ என்று வந்துவிட்டால், பின்னால் வருவதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் நொடியிலேயே முடிந்த விஷயம். கடைசிவரை காத்திருக்கும் நம் காது அந்த முதல் நொடியைத் தவறவிடுகிறது. பிறகு வரும் பெயர்ச்சொற்களை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மாலையில் கொப்பியைத் திறந்தால் சொற்கள் எல்லாம் சரி, அர்த்தம் தலைகீழ்.

ஒரு பகுதியை எடுத்துச் செய்து பார்ப்போம். கண்டிப் பிள்ளைகளுக்குக் கதை தெரிந்ததாக இருக்கட்டும் என்று கோப்பி இலைத்துரு நோயைத்தான் நான் பயிற்சிக்கு வைத்திருக்கிறேன். 1869இல் பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அனுப்பிய நோயுற்ற இலைகளைப் பார்த்து, இங்கிலாந்தில் பெர்க்லி அதற்குக் காரணமான பங்கசை விவரித்தார். அப்போது மலைநாடெங்கும் பரவிக்கொண்டிருந்த கோப்பி, உச்சத்தில் 250,000 ஏக்கருக்கு மேல் இருந்தது. பின்னால் அது அழிந்து, தேயிலை வந்தது. இதை ஆங்கிலத்தில் விரிவுரையாகப் பேசும்போது ஏறத்தாழ இப்படி அமையும். வழிகாட்டும் சொற்களை மட்டும் அப்படியே விடுகிறேன்:

“சோ, லெட்ஸ் டேர்ன் டு, கோப்பி ஏன் வீழ்ந்தது என்ற கேள்விக்கு. இட் வாஸ் வைட்லி பிலீவ்ட் தட், மண் சோர்ந்துபோனதும் காலநிலை கெட்டதுமே காரணம், பங்கசு வெறும் பின்விளைவு. ஹவெவர், 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் காட்டியது வேறு: ஆரோக்கியமான இலையில் விழும் வித்தியே ஈரத்தில் முளைத்து இலைவாய் வழியாக உள்ளே போகிறது. இன்சிடென்டலி, வார்டுக்கு அப்போது வயது இருபத்தாறுதான். நவ், வாட் இஸ் குரூஷியல் ஹியர் இஸ், வித்தியைக் காற்று கொண்டு போகிறது; நடுவில் தடை இல்லாமல் ஒரே பயிரை நட்டிருந்தார்கள். சோ நோய் மலைக்கு மலை தாவியது.”

முதல் முறை கேட்கும் பிள்ளைகளில் பலர் எழுதுவது இதுதான்: ‘கோப்பி வீழ்ச்சி: மண், காலநிலை. வார்ட் 1880, வயது 26. வித்தி, காற்று.’ விரிவுரையாளர் மறுப்பதற்காகவே சொன்ன கருத்து முதற்காரணமாக உட்கார்ந்துவிட்டது. ஓய்வாகச் சொன்ன வயதுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஒரே பயிர் என்பது, அதாவது முழுப் பகுதியின் மையம், காணவில்லை. இந்தக் குறிப்பை வைத்துப் பரீட்சை எழுதினால் விடை தவறும், ஏன் தவறியது என்றும் பிள்ளைக்குத் தெரியாது. கதை முன்பே தெரிந்த பிள்ளைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: அது காதில் விழுவதை எழுதாமல் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடும்.

நான் எழுதச் சொல்லும் குறிப்பு இப்படி இருக்கும். இங்கே அச்சுக்காக எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன். உண்மையான கொப்பியில் கலைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் பரீட்சை ஆங்கிலத்தில்.

――――――
கோ. ↓ ஏன்?
(?) மண் + காலநிலை → ப.
✗ வார்ட் 1880: வி. + ஈரம் → இலைவாய் (ஆரோக்கிய இலையிலும்)
★ காற்று + ஒரே பயிர், தடை இல்லை
∴ மலை → மலை

இதில் எழுதும் ஒழுங்குதான் முக்கியம். ஒவ்வொரு வரியிலும் குறி முதலில் விழுகிறது, சொல் பிறகு. ‘வைட்லி பிலீவ்ட்’ என்று கேட்டதும், அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமலே (?) போட்டுவிட வேண்டும். அது பிறர் கருத்து, பெரும்பாலும் அடுத்த நிமிடத்தில் மறுக்கப்படும் கருத்து. ‘ஹவெவர்’ கேட்டதும் ✗. உள்ளடக்கம் முழுவதும் தவறிப்போனாலும், இங்கே ஒரு திருப்பம் இருந்தது என்பது கொப்பியில் இருக்கும். எது தவறிப்போனது என்று தெரிந்தால் பாடப்புத்தகத்தில் தேடலாம். ‘இன்சிடென்டலி’ கேட்டதும் பேனை கீழே வைக்கப்படுகிறது. அந்த ஐந்து நொடி முந்தைய வரியை முடிக்கக் கிடைத்த நேரம். பழகாத பிள்ளைகளுக்குப் பேனையை வைப்பதுதான் மிகவும் கடினமாக இருக்கிறது.

அந்தப் பகுதியில் ‘சோ’ இரண்டு தடவை வந்ததைக் கவனித்திருப்பீர்கள். முதலாவது ‘சோ’வுக்கு ‘ஆகவே’ என்ற பொருள் கிடையாது. விரிவுரையாளர் நிறுத்தி, மூச்செடுத்து, புதுப் பகுதியைத் திறக்கிறார். அதற்குக் கொப்பியில் ஒரு கோடு போதும். இரண்டாவது, காரணத்திலிருந்து விளைவுக்கு நிற்காமல் ஓடுகிறது; அதற்குத்தான் ∴. ‘நவ்’, ‘ரைட்’, ‘ஓகே’ மூன்றும் இப்படித்தான்: ‘இப்போது’ என்றோ ‘சரி’ என்றோ அகராதிப்படி எடுத்துக்கொண்டால் ஏமாற்றும். பின்னால் ‘லெட்ஸ்’ அல்லது ‘வாட்’ தொடர்ந்தால் பகுதி மாறுகிறது. நேரே ஒரு செய்தி தொடர்ந்தால் முந்தையதோடு இணைகிறது. காது இதைப் பிடிக்கச் சில வாரம் எடுக்கும்.

எல்லா இணைப்புச் சொற்களையும் துரத்த வேண்டியதில்லை. கிரேக் ஷோட்ரன், ஜாக் ரிச்சர்ட்ஸ் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விரிவுரையை நான்கு வடிவங்களில் இரண்டாம் மொழி மாணவர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ‘வெல்’, ‘சோ’, ‘அன்ட்’ போன்ற சிறு இணைப்புகளைச் சேர்த்த வடிவம் குறிப்பிடத்தக்க உதவி செய்யவில்லை. ‘நாம் இதுவரை பார்த்தது’, ‘இனிப் பேசப்போவது’, ‘இதனால் எழும் பிரச்சினை’ போன்று பேச்சின் பெரிய பாகங்களைக் காட்டும் தொடர்கள் உள்ள வடிவத்தைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் புதுப் பிள்ளைக்கு நான் முதல் மாதத்தில் பெரிய தொடர்களை மட்டுமே கேட்கச் சொல்கிறேன். கேட்டுப் பழக உண்மையான விரிவுரைகள் வேண்டும் என்பவர்களுக்கு, வார்விக், ரெடிங் பல்கலைக்கழகங்களில் பதிவுசெய்து தொகுத்த 160 விரிவுரைகள் கொண்ட ஆங்கிலப் பேச்சுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன் எழுத்து வடிவத்தில் இந்தத் தொடர்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.

சுருக்கங்களுக்கு வருகிறேன். நீண்ட பட்டியலை மனனம் செய்துகொண்டு போகும் பிள்ளை, விரிவுரையின் நடுவில் ‘இதற்கு என்ன குறி?’ என்று யோசித்து இரண்டு வாக்கியங்களை இழக்கும். என் வழக்கத்தில் சுருக்கங்கள் இரண்டு வகை. உறவைக் காட்டுபவை ஆயுளுக்கும் மாறாதவை, எண்ணிக்கையில் பத்துக்குள்: விளைவு, கூடுதல், குறைவு, மறுப்பு, ஆகவே, பிறர் கருத்து, முக்கியம் என்று. இவை எழுத்துகளாக இருக்கக்கூடாது, குறிகளாகவே இருக்க வேண்டும். ‘விளைவு’ என்பதற்கு ‘வி.’ என்று வைத்துக்கொண்டால், மேலே உள்ள பாடத்தில் ‘வித்தி’ வந்து மோதும். எந்த ‘வி.’ எது என்று மூன்று நாளில் மறந்துபோகும்.

மற்ற வகை, அந்த ஒரு விரிவுரைக்கு மட்டும் பிறந்து அதோடு முடிபவை. முதல் ஐந்து நிமிடத்திலேயே எந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வரப்போகின்றன என்பது தெரிந்துவிடும். கோப்பி, வித்தி, பங்கசு. அவற்றைப் பக்கத்தின் வலது மேல் மூலையில் ஒருமுறை முழுதாக, திரையில் உள்ள எழுத்துக்கூட்டலோடு எழுதி, பக்கத்தில் சுருக்கத்தைப் போட்டுக் கட்டம் கட்டிவிட வேண்டும். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற இந்தப் பங்கசின் பெயரைச் சுருக்கமாக மட்டும் எழுதி வைத்தவர் பரீட்சையில் அதை எழுத்துக்கூட்ட முடியாமல் நிற்பார். எண்களையும் ‘இல்லை’யையும் ஒருபோதும் சுருக்கக்கூடாது. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் காதில் ஒன்றாக விழும் இடத்தில், கேட்டபடி எழுதி வட்டமிட்டு வைத்துப் பிறகு திரையோடு ஒப்பிடலாம்.

நம் பழைய கணக்கேடுகளில் இதற்கான குறிகள் முன்பே இருந்தன: நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. இந்த ௸ எனக்கு இங்கிலாந்தில் நன்றாகக் கைகொடுத்தது. ‘ஆஸ் ஐ மென்ஷன்ட் ஏர்லியர்’ என்று விரிவுரையாளர் பின்னோக்கிப் போகும்போதெல்லாம் ஒரு ௸ போட்டு, முந்தைய பக்க எண்ணை மட்டும் எழுதினேன். விளிம்பில் ௸ அதிகமாக விழுந்த பகுதிதான் அந்தப் பாடத்தின் அச்சாணி. பரீட்சைக்கு முதலில் அந்தப் பக்கங்களையே எடுப்பேன்.

சுருக்கங்களுக்கு ஆயுள் குறைவு. அன்று மாலைக்குள் விரித்து எழுதாத பக்கம் அடுத்த வாரம் பாதிதான் வாசிக்க வரும். விரிக்கும்போது அழகாக மறுபடி எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு (?)க்கும் அதை மறுக்கும் ✗ இருக்கிறதா, ஒவ்வொரு ∴க்கும் மேலே காரணம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஜோடி இல்லாத குறி எங்கே இருக்கிறதோ, அங்கே நம் காது தவறியிருக்கிறது.

சில விரிவுரையாளர்கள் வழிகாட்டும் சொல்லே இல்லாமல் பேசுவார்கள். அவர்களிடம் இந்த முறை பாதிதான் செல்லும். திரையில் தலைப்பு மாறும் இடம், பலகையிலிருந்து அவர் திரும்பும் இடம், குரல் தாழ்ந்து நிற்கும் இடம் ஆகியவற்றைப் பகுதி எல்லையாகக் கொள்ள வேண்டியதுதான். இப்போது பல பல்கலைக்கழகங்கள் விரிவுரைகளைப் பதிவுசெய்து தருகின்றன. அதை நம்பி எழுதாமல் இருக்கும் பிள்ளைகள், வாரக் கடைசியில் ஒவ்வொரு மணிநேரத்தையும் மீண்டும் ஒரு மணிநேரம் கேட்கிறார்கள். வழி தவறிய இடத்தில் விளிம்பில் நேரத்தை மட்டும், 23:10 என்று எழுதி வைத்தால், மாலையில் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டு இடைவெளியை நிரப்பிவிடலாம்.