மழைக்கார்டின் பின்னால் வீதி

றொசல்லயில் கார்டு கொண்டுபோன பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்கும், இப்படி கார்டு அடிக்க நினைக்கிற மற்ற ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தவணை விடுமுறைக்கு முன் தரம் 6 பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழி சிங்களத்துக்காக சொல் கார்டுகள் கொடுத்தோம். ஒரு பக்கம் சிங்களச் சொல், மறுபக்கம் தமிழ்க் கருத்து. பாடசாலை திறந்து முதல் நாளே ஒரு பிள்ளை மேசைக்கு வந்து, "வெஸ்ஸன்னா மழைதானே டீச்சர்? கார்டுல வீதின்னு போட்டிருக்கு. அப்பா பிழைன்னு சொன்னாரு. நான்தான் டீச்சர் குடுத்தது சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

கார்டைத் திருப்பிப் பார்த்தோம். அப்பா சொன்னதுதான் சரி. பஸ்ஸிலும் கடையிலும் அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை எத்தனையோ தரம் கேட்டிருப்பாள். ஆனாலும் நாங்கள் கொடுத்த கார்டு என்பதால் தன் காதை விட்டுவிட்டு அதை நம்பியிருக்கிறாள். அன்றே எல்லாக் கார்டுகளையும் திருப்பி வாங்கினோம். சொற்களை நாங்கள் பிழையாக எழுதவில்லை, கணினியில் எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டு பக்கமும் அச்சடித்த விதத்தில்தான் பிழை.

ஒரு ஏ4 தாளில் இரண்டு நிரல், நான்கு வரிசையாக எட்டுக் கார்டு போட்டிருந்தோம். முன்பக்கம் முதல் வரிசையில் வதுர, கெதர. இரண்டாவதில் பார, வெஸ்ஸ. மூன்றாவதில் கஸ, மல. கடைசியில் பொத, இர. பின்பக்கத்துக்கும் அதே ஒழுங்கில் தண்ணீர், வீடு, வீதி, மழை என்று கருத்துகளை அடித்தோம். அங்கேதான் பிழைத்தது. தாளைப் புத்தகத்தின் பக்கம் போலப் புரட்டினால் இடது பக்கம் இருந்தது வலது பக்கம் போய்விடும். அதனால் வதுர கார்டின் முதுகில் வீடு விழுந்தது, கெதர கார்டின் முதுகில் தண்ணீர் விழுந்தது. பாரவும் வெஸ்ஸவும் அதேபோல் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டன. பின்பக்கத்தை இப்படி வரிசைக்கு வரிசை இடம் வலம் மாற்றிப் போட வேண்டும்:

```
முன்      பின்
1  2      2  1
3  4      4  3
5  6      6  5
7  8      8  7
```

மூன்று நிரல் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1 2 3 என்பது பின்னால் 3 2 1 ஆகும். மாற்ற மறந்தாலும் நடு நிரல் மட்டும் சரியாக வரும். நடுவில் ஒரு கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வெட்டத் தொடங்கினால் இரண்டு ஓரமும் பிழையாகவே போகும்.

திருத்திக்கொண்டு டவுனில் ஒரு கொமியூனிகேஷனுக்குப் போனோம். இந்த முறை வதுர கார்டின் முதுகில் சூரியன் என்று வந்தது, அதுவும் தலைகீழாக. கடையில் Flip on short edge என்பதில் அடித்திருந்தார்கள். அப்படி அடித்தால் தாள் சுவர்க் கலண்டரின் தாள் போல மேலே புரளும், முதல் வரிசையின் முதுகில் கடைசி வரிசை போய் உட்காரும். நிமிர்ந்த ஏ4 தாளுக்கு, மேலே காட்டிய ஒழுங்குக்கு, Flip on long edge என்பதுதான் வேண்டும். எங்கே பிழை என்று கண்டுபிடிப்பதும் இதனால் லேசு. பின்பக்கம் தலைகீழாக இருந்தால் கடையில் புரட்டிய விதம் பிழை. நேராக இருந்து பக்கத்துக் கார்டின் கருத்து வந்திருந்தால் எங்கள் ஒழுங்கு பிழை.

மூன்றாம் முறை கருத்துகள் சரியாக வந்தன, ஆனால் பின்பக்கம் சுமார் 3 மில்லிமீற்றர் தள்ளிப்போயிருந்தது. இந்திய ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் முன்னும் பின்னும் உள்ள பாதிக் கோடுகள் சேர்ந்து ஓர் இலக்கமாகத் தெரியும். அந்தத் துல்லியம் நோட்டு அச்சகத்துக்கு முடியும். எங்கள் பிரின்டர் தாளை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இழுக்கும். அதனால் தள்ளிப்போனாலும் பழுதில்லாதபடி கார்டை அமைப்பதுதான் வழி. வெட்டும் கோட்டை முன்பக்கம் மட்டும் வைத்தோம், பின்பக்கக் கோடுகளை எடுத்துவிட்டோம். சொல்லைக் கார்டின் நடுவில் வைத்து, சுற்றிவர 8 மில்லிமீற்றருக்குள் ஒன்றும் வராமல் விட்டோம். பிறகு அந்த 3 மில்லிமீற்றர் யார் கண்ணிலும் படவில்லை.

ஆனால் 3 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளினால் அது பெரும்பாலும் பிரின்டரின் குற்றமல்ல. இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் 10 விட்டால் ஒரு கார்டுக்கு 95 கிடைக்கும். இடது 10, வலது 15 என்று விட்டால் பின்பக்கம் அப்படியே 5 மில்லிமீற்றர் விலகும். அட்டவணையை Table Properties இல் Center என்று வையுங்கள். வரிசையின் உயரத்தை 66 மில்லிமீற்றர் என்று கொடுத்து Exactly என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் நீளமான சொல் வந்த வரிசை தானாக உயர்ந்து கீழே உள்ளதையெல்லாம் தள்ளிவிடும். அடிக்கும்போது Fit வேண்டாம், Actual size என்று கொடுங்கள்.

வேர்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. அட்டவணைக்குக் கீழே எப்போதும் ஒரு வெற்று வரி இருக்கும். அட்டவணை தாளை முழுக்க நிரப்பினால் அந்த வரி அடுத்த பக்கத்துக்குப் போய் ஒரு வெற்றுப் பக்கத்தை உண்டாக்கும். அதற்குப் பிறகு எல்லா முன்னும் பின்னும் ஒரு பக்கம் பிசகும். எங்களுக்கு 32 சொல், நாலு தாள், அதனால் சரியாக எட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஒன்பது என்று காட்டினால் அடிக்கக் கூடாது. அந்த வெற்று வரியின் எழுத்தளவை 1 ஆக்கினால் சரியாகிவிடும்.

80 கிராம் தாளில் அடித்தால் பின்பக்கத்துக் கருத்து முன்னால் தெரியும், பிள்ளைகள் வெளிச்சத்தில் பிடித்து விடையைப் பார்த்துவிடுவார்கள். 160 கிராம் தாள் போதும். நம்ம பக்கத்து மழைக்குத் தாள் ஈரம் இழுத்துச் சுருளும், சுருண்ட தாள்தான் அதிகம் தள்ளும். அடிக்கும் வரை கட்டைப் பிரிக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடிக்கிற பிரின்டர் என்றால் முதல் பக்கத்தை அடித்ததும் புத்தகத்துக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கி, பிறகு மறுபக்கத்துக்குப் போடுங்கள்.

கடைசியாக, நாங்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்று. இப்போது ஒவ்வொரு கார்டின் இரண்டு பக்கத்திலும் மூலையில் ஒரே இலக்கத்தைச் சின்னதாகப் போடுகிறோம். வெஸ்ஸவுக்கு 4 என்றால் மழைக்கும் 4. சாதாரணத் தாளில் ஒரு பிரதி அடித்து, ஒரு கார்டின் மூலையில் ஊசியால் குத்தித் திருப்பிப் பார்க்கிறோம். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு எட்டு இலக்கமும் முன்னும் பின்னும் ஒன்றா என்று பார்த்த பின்தான் தடித்த தாளில் கை வைக்கிறோம். சிங்களம் தெரியாத கடைக்காரத் தம்பியும் இதைப் பார்த்துப் பிழை சொல்லலாம், வீட்டில் அம்மாவும் சொல்லலாம். ஆனால் தட்டச்சு செய்யும்போதே மழை என்ற இடத்தில் வேறு சொல்லை எழுதியிருந்தால் இலக்கம் அதைக் காட்டாது. அதற்கு வாசித்துத்தான் பார்க்க வேண்டும்.

புதிய கட்டு திங்கட்கிழமை பிள்ளைகளோடு வரும், இன்ஷா அல்லாஹ். இலக்கம் இல்லாத பழைய கார்டு வீட்டில் எங்காவது கிடந்தால் தயவுசெய்து பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு எங்கள் நன்றி. வகுப்பிலும் எல்லார் முன்னாலும் சொன்னோம், அப்பா சொன்னதுதான் சரி, டீச்சர் கொடுத்தது பிழை என்று.