கோணேசர் பதிகமும் கேதீச்சரப் பதிகமும்

நாயாறு
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கச்சிக்கு,

அறநெறி வகுப்புப் பிள்ளைகள், "ஏன் ரீச்சர் ஒவ்வொரு தேவாரத்துக்கும் ஒவ்வொரு ராகம்?" என்று கேட்பதாய் எழுதியிருந்தாய். பண்களின் பட்டியலைக் கொடுத்துவிடாதே, சின்னதுகள் மிரண்டுபோகும். எங்கள் நாட்டுத் தலங்கள் இரண்டின் பதிகங்களையே எடு. சம்பந்தர் கோணேசர்மேல் பாடியது புறநீர்மைப் பண். அதை இப்போது பூபாளத்தில் பாடுகிறோம். சுந்தரர் கேதீச்சரத்துக்குப் பாடியது நட்டபாடை, அது கம்பீரநாட்டை. இரண்டு ராகத்துக்கும் ஐந்தே சுரம். சவும் பவும் இரண்டிலும் உண்டு.

ஆர்மோனியத்தில் ஒன்றாம் கட்டையைச் ச ஆக வைத்துக்கொள். பூபாளத்துக்கு அந்த வெள்ளை, அதையடுத்த இரண்டு கறுப்பு, பிறகு ஐந்தாம் வெள்ளையான ப, அதற்கு அடுத்த கறுப்பு. ரி, சவுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. த, பவுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பாட்டு எங்கே போனாலும் கீழே இறங்கி, சவிலோ பவிலோ அமரத்தான் பார்க்கும். விடியற்காலை நடை திறக்கும் நேரத்து அடங்கிய மனதுக்கு இது பொருந்துகிறது. புறநீர்மையைப் பகற்பண்களில் சேர்த்ததும், பூபாளத்தைக் காலையில் வாசிப்பதும் அதனோடு ஒத்துப்போகின்றன.

கம்பீரநாட்டைக்குக் கறுப்பே வேண்டாம். ஒன்றாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஏழாம் வெள்ளைகள். இங்கே ஒட்டுதல் கீழ்ப்பக்கத்தில். க, மவை முட்டிக்கொண்டு நிற்கும். நி, மேல் சவை முட்டிக்கொண்டு நிற்கும். பாட்டு மேலே ஏறத் துடிக்கும். ரியும் தவும் இல்லாததால் இடையில் பெரிய தாண்டல்கள் வேறு. சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும்போது நாதஸ்வரக்காரர் இந்த ராகத்தில்தான் மல்லாரியை எடுப்பார். மல்லாரிக்குச் சொல்லே கிடையாது. ஆனாலும் சனம் எழும்பிக் கை கூப்பும்.

பிள்ளைகள் பிழைவிடும் இடம் பூபாளத்துக் க. இரண்டாவது கறுப்புக்குப் பதில் மூன்றாம் வெள்ளையை அழுத்திவிடுவார்கள். அது ரேவகுப்தி ஆகிவிடும். அதுவும் காலை ராகம்தான், வடிவானது. ஆனால் முகம் தெளிந்து, பூபாளத்தின் அந்த உருக்கம் போய்விடும். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டு, காதே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லு. ராகம் சுவாமிக்கென்று எழுதி வைத்ததல்ல. அதே கேதீச்சரத்துக்குச் சம்பந்தர் பாடியது நட்டராகப் பண். அதை ஓதுவார்கள் பந்துவராளியில் பாடுவார்கள். சுரம் மட்டும் போதாது, நடையும் வேண்டும். கம்பீரநாட்டையை இழுத்து இழுத்துப் பாடினால் அந்த மிடுக்கு வராது. பள்ளியறைக்கு வாசிக்கும் நீலாம்பரியை ஓட ஓட வாசித்தால் தாலாட்டாய் இராது. எங்கள் காதின் பழக்கமும் இதில் பாதி. சின்ன வயதிலிருந்தே கோயிலில் கேட்டு வந்ததல்லவா.

முதலில் கோணேசர் பதிகத்தைப் பழக்கு. சுருதியை ஒன்றாம் கட்டைக்கு மேலே ஏற்றாதே, சின்னப் பொடியன்களுக்குத் தொண்டை கட்டும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வரும்போது ஆர்மோனியத்தையும் கொண்டு வா. அதன் துருத்தியில் காற்றுப் போகிறதென்றாயே, இங்கே பார்த்துத் தருவேன்.

அன்புடன்,
அக்கா