பின்னங்காலில் "பட்"னு ஒரு சத்தம்: அது சுளுக்குதானா?

1/
ஓடிக்கிட்டு இருக்கீங்க. திடீர்னு குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாடி இருந்து எட்டி உதைச்ச மாதிரி, இல்லன்னா பந்து வந்து அடிச்ச மாதிரி ஒரு உணர்வு. "பட்"னு ஒரு சத்தம்கூட கேட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்தா பின்னாடி யாருமே இல்லை. இப்படி நடந்தா, அதை சுளுக்குன்னு நினைச்சு வீட்டுக்குப் போயிடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

2/
கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் இணைக்கிற தடிமனான கயிறு ஒண்ணு இருக்கு. குதிகாலுக்கு மேலே விரலால் பிடிச்சா கையில் தட்டுப்படும். பேச்சு வழக்குல "குதிகால் நரம்பு"ன்னு சொல்வோம். உண்மையில் அது நரம்பு இல்லை, தசைநாண். பேரு அக்கிலிஸ் டெண்டன். ஓடும்போது தரையை உதைச்சு உடம்பை முன்னாடி தள்ளுறது இதுதான். மேலே சொன்ன அந்த "பட்" பெரும்பாலும் இது அறுந்த சத்தம்.

3/
பெரும்பாலும் 30லிருந்து 50 வயதுக்குள்ள இருக்கிற ஆண்களுக்குத்தான் இது வரும். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரிக்கெட், ஷட்டில். நின்ன இடத்துல இருந்து திடீர்னு வேகம் எடுக்கும்போது அறுந்திடும். குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ மேலே இருக்கிற பகுதிக்கு ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவு. அறுபடுறதும் பெரும்பாலும் அங்கேதான்.

4/
எங்ககிட்ட வந்த ஒருத்தரைப் பத்தி சொல்றேன். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வயசு 38, டெலிவரி வேலை. கிரிக்கெட்டில் ஒரு ரன்னுக்கு ஓடும்போது "பட்". "பின்னாடி ஓடி வந்தவன் மிதிச்சிட்டான்னு நெனச்சு அவனைத் திட்டிட்டேன் டாக்டர்"னு சொன்னார். வலி அஞ்சு நிமிஷத்துல குறைஞ்சிடுச்சு. நொண்டி நொண்டி பைக் ஓட்டி வீட்டுக்குப் போயிட்டார்.

5/
மறுநாள் வெளியே ஒரு இடத்துல எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு நல்லா இருந்தது. சுளுக்குன்னு கிரேப் பேண்டேஜ் சுத்தி வலி மாத்திரை கொடுத்தாங்க. வீட்டில் பாட்டி எண்ணெய் போட்டு நீவி விட்டாங்க. மூணாவது நாள் மாடிப்படி ஏற முடியலைன்னு எங்ககிட்ட வந்தார். "எக்ஸ்ரே நார்மல், நடக்கவும் முடியுது, அப்புறம் என்ன டாக்டர்?"ன்னு கேட்டார்.

6/
இந்த இரண்டுமே ஏமாத்தும். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், அறுந்த தசைநாணைக் காட்டாது. பாதத்தைக் கீழே அழுத்துறதுக்கு அக்கிலிஸ் தவிர வேற சின்னத் தசைகளும் இருக்கு. அதனால அறுந்த பிறகும் பாதத்தைக் கொஞ்சம் அசைக்கலாம், நொண்டி நடக்கலாம். 2013ல் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டுக்கு ஆட்டத்தின் நடுவில் இது அறுந்தது. அதுக்கப்புறமும் அவர் நின்னு இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டுட்டுத்தான் வெளியே போனார்.

7/
அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவரைக் குப்புறப் படுக்க வைச்சோம், இரண்டு பாதமும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்குற மாதிரி. நல்ல காலின் கெண்டைச் சதையைக் கையால் அமுக்கினா, பாதம் தானா கீழ்நோக்கி அசைஞ்சது. அடிபட்ட காலில் அதே மாதிரி அமுக்கினப்போ பாதம் அசையவே இல்லை. கயிறு அறுந்திருந்தா மேலே இழுக்கிறது கீழே எப்படிப் போய்ச் சேரும்? இதுக்கு தாம்சன் டெஸ்ட்னு பேரு. மெஷின் எதுவும் தேவையில்லை.

8/
இன்னும் இரண்டு அடையாளங்கள் இருந்தது. குதிகாலுக்கு மேலே விரலை வைச்சா ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. குப்புறப் படுத்திருக்கும்போது நல்ல பாதம் விரல் பக்கம் லேசாக் கீழே வளைஞ்சு இருந்தது, அடிபட்ட பாதம் நேரா தொங்குச்சு. வீக்கம் அதிகமானா அந்தப் பள்ளம் மறைஞ்சிடும். அதனால "பள்ளம் இல்லை, அப்போ அறுபடலை"ன்னு முடிவு பண்ண முடியாது. சந்தேகம் இருந்தா அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்ப்போம்.

9/
உங்களுக்கோ கூட விளையாடுறவருக்கோ இப்படி ஆனா, அந்தக் காலை ஊன்ற விடாதீங்க. நீவாதீங்க, இழுத்து "சொடக்கு" எடுக்காதீங்க. "குதிகாலைத் தூக்கி ஒத்தைக் காலில் நின்னு பாரு"ன்னும் சொல்லாதீங்க. ஐஸை நேரா தோல் மேலே வைக்காம, துணியில் சுத்தி 15 நிமிஷம் வைங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. முடியலைன்னா மறுநாளாவது கட்டாயம் போங்க.

10/
கட்டு போடும்போது ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. கால் விரல்கள் கீழ்நோக்கி இருக்கணும், பாலே ஆடுறவங்க பாதம் மாதிரி. அப்போதான் அறுந்த இரண்டு முனையும் பக்கத்துல வரும். பாதத்தை நேராக 90 டிகிரியில் வைச்சு கட்டினா முனைகள் விலகிடும். நாங்களும் அவருக்கு விரல் கீழே இருக்கிற மாதிரி பாதி மாவுக்கட்டு போட்டு, ஊன்றுகோல் கொடுத்தோம்.

11/
ஆபரேஷன் கட்டாயமா? இல்லை. நார்வேயில் 500க்கும் மேற்பட்டவங்களை வைச்சு நடந்த ஆய்வு 2022ல் வெளியானது. ஆபரேஷன் செஞ்சவங்களும் செய்யாதவங்களும் ஒரு வருஷம் கழிச்சு ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தாங்க. ஆபரேஷன் இல்லாதவங்களில் 100க்கு 6 பேருக்கு மறுபடி அறுந்தது, செஞ்சவங்களில் 100க்கு ஒருத்தருக்கும் குறைவு. ஆனா ஆபரேஷனில் நரம்பு பாதிப்பு அதிகமா இருந்தது.

12/
நம்ம நோயாளிக்கு சர்க்கரை 280, சிகரெட்டும் உண்டு. குதிகாலுக்குப் பின்னாடி தோல் மெல்லிசு. சர்க்கரையும் புகையும் சேர்ந்தா தையல் ஆறாமப் போகிற ஆபத்து அதிகம். மூணாவது நாளே வந்ததால ஆபரேஷன் இல்லாத வழியும் திறந்திருந்தது. பேசி அதையே தேர்ந்தெடுத்தோம். இரண்டு வாரம் மாவுக்கட்டு. அப்புறம் குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைச்ச பூட். ஒவ்வொரு ஆப்பா எடுத்து, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நேராக்கினோம். கூடவே பிசியோதெரபி.

13/
கட்டு இருக்கிற நாட்களில் ஒரு ஆபத்தைக் கவனிக்கணும். கால் அசையாம இருக்கிறதால ரத்தம் உறையலாம். கெண்டைக்கால் புதுசா வீங்கி வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, அடுத்த ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே எமர்ஜென்சிக்கு வரணும்.

14/
தாமதமா வந்தா என்ன ஆகும்? நாலு வாரத்துக்கு மேல போயிட்டா மேல்முனை சுருங்கி மேலே போயிடும், இடைவெளியில் தழும்புத் திசு நிரம்பும். அது நீண்டு தொளதொளன்னு ஆறும், உதைக்கிற பலம் வராது. அப்போ சாதாரணமா தைச்சு சேர்க்க முடியாது. பல பேருக்கு கட்டைவிரலை வளைக்கிற தசைநாணை எடுத்து இங்கே மாத்தி வைக்க வேண்டி வரும். ஆபரேஷனும் பெருசு, பலனும் குறைவு.

15/
மருந்தைப் பத்தியும் ஒண்ணு. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் தசைநாணைப் பலவீனமாக்கலாம். 60 வயசைத் தாண்டினவங்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2008லேயே இதுக்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. இந்த மாத்திரை சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலே வலி வந்தா, ஓடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க.

16/
அவர் ஆறு மாசம் கழிச்சு ரிவ்யூக்கு வந்தார். மாடிப்படி ஏறுறார், வேலைக்குப் போறார். ஒத்தைக் காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னா, மத்த காலில் தூக்குற உயரத்துல பாதிதான் வருது. அந்தக் கெண்டைக்கால் இன்னும் கொஞ்சம் மெலிஞ்சுதான் இருக்கு. "எப்போ டாக்டர் விளையாடலாம்?"னு கேட்டார். அந்தக் குதிகால் மத்த காலுக்குச் சமமா உயரட்டும், அதுவரைக்கும் அம்பயரா நில்லுங்கன்னு சொல்லி அனுப்பினோம்.