வயதில் இளையவரானாலும்...

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் பணி சில ஆண்டுகளாக என்னிடமே வந்து சேர்கிறது. மூன்று நிமிட வேலைதான். ஆயினும் சென்ற ஆண்டு அந்த மூன்று நிமிடத்தில் நான் செய்த பிழை இன்னும் நெஞ்சை உறுத்துகிறது.

அன்று வந்திருந்தவர் முப்பது வயதை எட்டாத மருத்துவர். முன்வரிசையினரோ பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆனவர்கள். "என் பேரன் வயதுடைய இந்தப் பிள்ளை" என்று தொடங்கினேன். அவை கனிந்து சிரித்தது, நானும் மகிழ்ந்தேன். சொற்பொழிவு முடிந்தபின் கேள்விகள் எழுந்தன: பூர்விகம் எந்த ஊர், திருமணம் ஆயிற்றா, மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் எண்ணம் உண்டா? நாற்பது நிமிடம் அவர் விளக்கிய சிறுநீரக நோயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கிருந்தோரில் பலருக்கு அது மிகவும் வேண்டிய செய்தி. ஆனால் பேரனிடம் நோய்க்கு வழி கேட்பவர் யார்? அவரைப் பேரனாக்கியவன் நான்.

இவ்வாண்டு அழைத்திருந்தவர் 31 வயதுப் பொறியாளர் ஒருவர். மெட்ரோ ரயிலுக்காகப் பூமிக்கடியில் சுரங்கம் குடையும்போது மேலே நிற்கும் பழைய கட்டடங்கள் அமிழ்கின்றனவா, சாய்கின்றனவா என்று அளந்து காப்பது அவரது பொறுப்பு. "வயதில் இளையவரானாலும் அறிவில் முதிர்ந்தவர்" என்று எழுதி, என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: "அறுபது வயதுப் பொறியாளர் வந்தால் 'வயதில் மூத்தவரானாலும்' என்று சொல்வீர்களா?"

விடை சொல்ல இயலவில்லை. 'ஆனாலும்' என்ற அந்த ஒரு சொல், இளமையை ஒரு குறையாக முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு மன்னிக்கிறது. 'இந்த வயதிலேயே' என்னும்போது அந்த ஏகாரமும் அதையே செய்கிறது. அறுபது வயதினருக்குச் சொல்லாத வாக்கியத்தை இவருக்கும் சொல்வதில்லை என்று வரியாக அடித்துக்கொண்டு வந்தேன். பாதிக்குமேல் போயிற்று.

விட மனமில்லாதிருந்தது அப்பர் கதை. திருப்பூந்துருத்தியில், சம்பந்தர் வந்த சிவிகையை முதியவரான அப்பர் மறைந்து நின்று சுமந்த நிகழ்ச்சியைவிடப் பொருத்தமானது ஏது? ஆனால் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அப்பர் தாம் சுமப்பதை அறிவிக்கவில்லை. சம்பந்தர் தேடிக் கேட்டபோதுதான் சொன்னார். நான் மேடையேறி அக்கதையைச் சொன்னால், முதியோராகிய எங்கள் பணிவுக்கு நானே பறையறைந்ததாகும். அதையும் அடித்தேன்.

வயதைச் சொல்லவே கூடாது என்பதும் அன்று. 1985இல் 22 வயதில் காஸ்பரோவ் நிறுவிய சாதனையை, 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்று குகேஷ் முறியடித்தார். அங்கே வயதுதான் செய்தி. என் விருந்தினர் வேலையில் வயதுக்கு என்ன தொடர்பு? கட்டடம் அமிழ்வதை அவருடைய பிறந்த ஆண்டு தடுக்கப்போவதில்லை.

பிறகு தொலைபேசியில் அவரையே கேட்டேன். பதவியின் சரியான பெயர், பெயரின் முன்னெழுத்து, பேசப்போகும் பொருள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். ஏழு வயதில் இதே மண்டபத்தில் குறத்தி வேடமிட்டு அவர் ஆடியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவையில் பாதிப் பேருக்கும் நினைவிருக்கும். அது அவருடைய நினைவு. சொல்வதானால் அவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். 'செல்வி'யா 'திருமதி'யா என்ற ஆராய்ச்சியையும் விட்டு, 'பொறியாளர்' என்றே வைத்துக்கொண்டேன்.

விழாவன்று நான் சொன்னது இவ்வளவே: "நம்மில் பலர் நாள்தோறும் மெட்ரோவில் செல்கிறோம். அந்தச் சுரங்கத்தைக் குடைந்தபோது மேலே இருந்த வீடுகளின் சுவர்களில் அளவுக்குறிகள் பதித்து, நிலம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளந்து வந்தவர்கள் உண்டு. இயந்திரம் நெருங்குமுன்பே அளவெடுக்கத் தொடங்கி, அது கடந்து சென்ற பின்னும் அளப்பவர்கள். அப்பணியை நடத்தும் பொறியாளர் இன்று நம்மிடம் பேச வந்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டாம் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்." பெயரைக் கடைசியில் சொல்லி அமர்ந்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. செயலாளர் என்னை வியப்புடன் பார்த்தார். இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்த்தார் போலும்.

குறத்தி ஆட்டத்தை அவரே பேச்சின் நடுவில் சொல்லிச் சிரிக்கவைத்தார். முடிந்ததும் முதலில் எழுந்தவர், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எண்பது வயதுப் பெரியவர். எனக்குச் சற்றே அச்சம்தான்.

"அம்மா, எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் வேலையை நிறுத்துவீர்கள்?" என்றார்.

"எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே அளவு இல்லை, ஐயா. ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஆராய்ந்து தனித்தனி எல்லை வகுப்போம். முதல் எல்லையைத் தொட்டால் அடிக்கடி அளப்போம், அடுத்ததைத் தொட்டால் நிறுத்தி ஆராய்வோம்" என்றார் அவர்.

பெரியவர் உட்காரவில்லை. "சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவராக இருந்தால்?" என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நால்வர் கையை உயர்த்தியிருந்தார்கள்.