காதால வாசிக்கிற பதில்

வாட்ஸ்அப்ல பேஷண்டுக்கு பதில் எழுதுற டாக்டர், நர்ஸ், மெடிக்கல் கடைக்காரர், ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு மருந்து விவரம் அனுப்புற பிள்ளைங்க, எல்லாருக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம்தான்.

நீங்க அனுப்புறது எழுத்து. பல வீடுகள்ல அது போய்ச் சேர்றது காதுக்கு. கடியப்பட்டணத்துல இருந்து எங்கிட்ட வர்ற ஒரு பாட்டாவை எடுத்துக்கோங்க. வயசு அறுபதைத் தாண்டியாச்சு, முன்னாடி கடலுக்குப் போனவர். சுகர் கண்ணோட விழித்திரையைக் கெடுத்துடுச்சு, போன் எழுத்து அவருக்குத் தெரியாது. ஒண்ணு, போன்ல இருக்கிற TalkBack வாசிச்சுக் காட்டும். இல்லன்னா இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பேரன் எழுத்துக் கூட்டி வாசிப்பான். ரெண்டு பேருமே அர்த்தம் பார்த்து வாசிக்கிறவங்க இல்ல. புள்ளி வச்ச இடத்துல நிப்பாங்க, அவ்வளவுதான்.

பாட்டா ரெண்டு வேளை இன்சுலின் போடுறவர். அவர் கேட்டது, "டாக்டரே, ராத்திரி கை கிடுகிடுன்னு ஆடுது, வேர்த்து ஊத்துது, என்ன செய்ய?" இதுக்கு நம்ம துண்டுப்பிரசுரத் தமிழ்ல பதில் எப்படி இருக்கும்?

"நடுக்கம், வியர்வை போன்ற தாழ்சர்க்கரை அறிகுறிகள் (70 மி.கி./டெ.லி.க்குக் கீழ்) தென்பட்டால், நோயாளி சுயநினைவுடன் இருக்கும்பட்சத்தில், 15 கி. சர்க்கரையை 1/2 டம்ளர் நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்தும் அறிகுறிகள் நீடித்தால் மீண்டும் கொடுத்து, பின்னர் உணவு உண்ணச் செய்யவும்."

மருத்துவமா பார்த்தா ஒரு தப்பும் இல்ல. இப்போ இதைச் சத்தமா வாசிச்சுப் பாருங்க. மூச்சு முட்டும். கேக்கிறவருக்கு அதைவிடக் கஷ்டம். தமிழ்ல வினை கடைசியிலதான் வரும். அது வர்ற வரைக்கும் முன்னாடி சொன்ன அத்தனையையும் மனசுல தூக்கிட்டு நிக்கணும். "கலந்து, கொடுத்து, கழித்து" வினையெச்சம் எல்லாம் கண்ணுக்குப் படிக்கட்டு, காதுக்கு ஒரே இழுவை. அதுவும் கேக்கிற நேரத்துல அவருக்கு சுகர் இறங்கியிருந்தா, மூளை பாதி வேலைதான் செய்யும்.

அடைப்புக்குறிக்கு சத்தம் கிடையாது. TalkBack செட்டிங்கைப் பொறுத்து அதை விழுங்கிட்டுப் போகும், இல்லன்னா அந்தக் குறியோட பேரையே வாசிக்கும். "மி.கி." உள்ளே இருக்கிற புள்ளியில பேரன் நின்னு நின்னு போவான். இந்த பதிலுக்கு 70ன்ற எண்ணே தேவையில்ல. வீட்டுல மீட்டர் இல்ல, நடுக்கம்தான் அவரோட மீட்டர்.

எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிஞ்சது "ஆல்" விகுதியை விட்டப்போதான். "நடுங்கினால்" அப்படின்னு எழுதினா அந்த "ஆல்" வாசிப்புல மெலிஞ்சு போகும், வாக்கியமும் அந்தரத்துல தொங்கும். அதையே "கை நடுங்குதா?"ன்னு கேளுங்க. கேள்விக்குறியைக் குரல் கவனிக்கலைன்னாகூட, அந்த "ஆ" சத்தமே அது கேள்வின்னு சொல்லிடும். கேட்டவர் மனசுக்குள்ள "ஆமா"ன்னு பதில் சொல்லிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தயாராயிடுவார். (பழைய ஓலைச்சுவடியில காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் கிடையாது. சொல்லோட வால்லயே நம்ம மொழி அதை வச்சிருக்கு.)

அடுத்தது "வேண்டாம்". "மாத்திரை வேண்டாம் ஊசி போதும்"னு குறியே இல்லாம அனுப்பினா, வாசிக்கிற பையன் "மாத்திரை"ல மூச்சு விட்டுட்டு "வேண்டாம் ஊசி"ன்னு சேர்த்துடலாம். நடுவுல ஒரு காற்புள்ளி போதுமேன்னு தோணும். காற்புள்ளியில எல்லாரும் நிக்கிறதில்ல, முற்றுப்புள்ளியில நிப்பாங்க. "மாத்திரை வேண்டாம். ஊசி போதும்." ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை. அதுக்குமேல காற்புள்ளி கேட்டுச்சுன்னா, அது ரெண்டு வாக்கியம்.

"போடவும், சாப்பிடவும்"னு முடிக்கிறதும் காதுக்கு ஆகாது. "மாத்திரை சாப்பிடவும் ஊசி போடவும்" என்பது கட்டளையா, இல்ல "சாப்பிடுறதுக்கும் போடுறதுக்கும்" என்பதா? "சாப்பிடுங்க" அப்படின்னா குழப்பமே இல்ல. ஆனா முழுசா பேச்சுத்தமிழ்ல இறங்கிடாதீங்க. "சாப்டாச்சின்னா" மாதிரி எழுதினா போன் குரல் அதை மென்னு துப்பும். வினை பேச்சுல, பெயர்ச்சொல் எழுத்துல. என் கணக்கு அதுதான்.

எண்களையும் பாருங்க. சீட்டுல எழுதுற 1-0-1ஐ வாசிச்சா யாருக்கும் புரியாது. "காலையில ஒண்ணு. மத்தியானம் வேண்டாம். ராத்திரி ஒண்ணு." இன்சுலின் அளவுல "10U"ன்னு ஒட்டி எழுதவே கூடாது, U பூஜ்யம் மாதிரி தெரிஞ்சு நூறு ஆயிடும். உலகம் முழுக்க நடந்திருக்கிற ஆபத்து இது. "பத்து யூனிட்"னு எழுதுங்க.

இந்தப் பக்கத்துக்குன்னு ஒண்ணு. கன்னியாகுமரி மாவட்டத்துல டீயில போடுற வெள்ளைப் பொருள் சீனி. சர்க்கரைன்னா நிறைய வீட்டுல வெல்லத்தை நினைப்பாங்க, வியாதியையும் அதே பேர்ல சொல்வாங்க. "சர்க்கரை குறைஞ்சா சர்க்கரை குடுங்க" காதுல விழுந்தா என்ன ஆகும்? அதனால ரத்தத்துல இருக்கிறது சுகர், அடுக்களையில இருக்கிறது சீனி.

பாட்டாவுக்குப் போன பதில் இது:

"பாட்டா, கை நடுங்குதா? வேர்க்குதா? சுகர் குறைஞ்சிருக்கு. உடனே சீனி வேணும். மூணு டீஸ்பூன் சீனி. அரை டம்ளர் தண்ணி. கலக்கிக் குடிங்க. பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க. நடக்க வேண்டாம். இன்னும் நடுங்குதா? அதே சீனித் தண்ணி இன்னொரு தடவை. நடுக்கம் நின்னாச்சா? சோறு சாப்பிடுங்க. காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஊசி அளவைப் பார்க்கணும்.

வீட்டுல உள்ளவங்க கேளுங்க. பாட்டா பேசலையா? கண் திறக்கலையா? வாயில எதுவும் ஊத்தாதீங்க. 108க்கு போன் பண்ணுங்க."

துண்டுப்பிரசுரத்தைவிட இது நீளம். பரவாயில்ல. கேக்கிறவருக்கு எழுத்து எண்ணிக்கை பாரமில்ல, ஒரே மூச்சுல சுமக்கிறதுதான் பாரம்.

"வாய்ஸ் நோட் அனுப்பிட்டுப் போகலாமே டாக்டர்?"னு கேப்பீங்க. அனுப்பலாம், நானும் அனுப்புறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த நோட்ல எத்தனாவது நொடியில சீனி அளவு சொன்னேன்னு யார் தேடுறது? எழுத்தை வேற கையில எழுதி அடுக்களைச் சுவர்ல ஒட்டலாம்.

அனுப்புறதுக்கு முன்னாடி உங்க போன்லயே Select to Speak போட்டு ஒரு தடவை கேளுங்க. கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க, திரையைப் பார்த்தா மனசு தானா நிரப்பிக்கும். எங்கே திரும்பக் கேக்கத் தோணுதோ அங்கே வாக்கியத்தை உடைங்க. அதுக்கப்புறமும், கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லணும். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் "ஆமா"ன்னுதான் சொல்வாங்க.

பாட்டா திருப்பி அனுப்பின வாய்ஸ் நோட்டுல பின்னாடி கடல் இரைச்சல். "மூணு ஸ்பூன் சீனி, அரைக் கிளாஸ் தண்ணி, பெறகு கால் மணி நேரம் சும்மா இருக்கணும், சரிதானா டாக்டரே?" பதினஞ்சு நிமிஷத்தை அவரே கால் மணி நேரம் ஆக்கிட்டார். இப்போ எல்லாருக்கும் அப்படியேதான் எழுதுறேன்.