விடிந்தால் வெள்ளிக்கிழமை!

என் அக்கா மகளுக்கு விஜயவாடாவில் மாப்பிள்ளை அமைந்தது. நாங்கள் மதுரைக்காரர்கள், அவர்கள் வீட்டில் தெலுங்கு. இரண்டு பக்கத்து உறவினர்களுக்கும் ஒரே பத்திரிகை, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் தெலுங்கு என்று பேசி முடித்தோம். சம்பந்தியம்மா தெலுங்கில் எழுதி அனுப்பினார். ஓசூரில் வேலை பார்த்த நாட்களில் நான் தெலுங்கு எழுத்துக் கற்றிருந்ததால், தமிழ்ப் பக்கத்தைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதலில் அக்காவைக் கலங்க வைத்தது மாதத்தின் பெயர். கல்யாணம் 2025 பிப்ரவரி 6. எங்கள் காலண்டரில் தை 24. தெலுங்கிலோ ‘மாக மாசம்’ என்று இருந்தது. “மாகம்னா மாசிதானேடி? நாளையே மாத்திட்டாங்களா?” என்று பதறிவிட்டாள்.

நாளில் மாற்றமே இல்லை. சூரியன் ஒரு ராசியில் நுழையும்போது நமக்கு மாதம் பிறக்கிறது. அவர்களுக்கு அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. அந்த வருஷம் தை அமாவாசை ஜனவரி 29. மறுநாளே அவர்களுக்கு மாகம் ஆரம்பம். ஆண்டின் பெயர் இருவருக்கும் குரோதிதான். மாதம் மட்டும்தான் வேறு. அதனால் மாதப் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது. அவரவர் பஞ்சாங்கத்தில் உள்ளபடி போட்டுவிட்டு, ஆங்கிலத் தேதியை இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி பெரிதாகப் போட்டால் போதும்.

அடுத்தது முகூர்த்த நேரம். நம் பத்திரிகையில் ‘காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று இருக்கும். தெலுங்குக் கல்யாணங்களில் நள்ளிரவு தாண்டிய முகூர்த்தமும் சகஜம். நிமிஷக் கணக்காகவும் குறிப்பார்கள். சம்பந்தியம்மா எழுதியிருந்தது, ‘6-2-2025 குருவாரம் ராத்ரி 2-40, தெல்லவாரிதே சுக்ரவாரம்’. அதாவது வியாழன் இரவு 2.40, விடிந்தால் வெள்ளி. பஞ்சாங்கப்படி சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அதனால் அந்த நேரம் அவர்களுக்கு இன்னும் வியாழக்கிழமைதான். கடிகாரப்படி அது 7-ம் தேதி அதிகாலை.

எங்கள் ஊர் அச்சகத்தில் இதைத் ‘திருத்தி’ விட்டார்கள். புரூஃபில் ‘7.2.2025 வெள்ளிக்கிழமை இரவு 2.40’ என்று வந்தது. அதைப் படிக்கிற எங்கள் பெரியப்பா என்ன செய்வார்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிதானமாக மண்டபத்துக்கு வந்து இறங்குவார். அப்போது தாலி கட்டி பதினைந்து மணி நேரம் ஆகியிருக்கும்!

சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். “வதினா, ராத்திரின்னு போட்டா வியாழன்னு போடுங்க. வெள்ளின்னு போட்டா அதிகாலைன்னு போடுங்க. ரெண்டையும் கலக்காதீங்க” என்றார். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கடைசியில் தமிழ்ப் பக்கத்தில் இப்படி அச்சானது:

‘6.2.2025 வியாழக்கிழமை இரவு, விடிந்தால் வெள்ளிக்கிழமை, அதிகாலை 2.40 மணிக்கு முகூர்த்தம். வியாழன் மாலை 6 மணிக்குள் மண்டபத்துக்கு வந்துவிட வேண்டுகிறோம். விருந்து: வியாழன் இரவு 7 மணி முதல்.’

அந்த விருந்து வரி முக்கியம். முகூர்த்த நேரத்தில் குழம்புகிறவர்கள்கூட சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து நாளைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, பெயர்கள். தமிழில் ‘பாபு’ என்று எழுதினால் நாம் சரியாகவே படிப்போம். தெலுங்கில் ‘ப’வுக்கு ஓசைக்கு ஓர் எழுத்து உண்டு. தெலுங்கு தெரியாதவர் தமிழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றினால் பாபு ‘பாப்பு’ மாதிரி ஆகிவிடுவார், காயத்ரியின் முதல் எழுத்து ‘காக்கா’வின் ‘கா’ ஆகிவிடும். எங்கள் பக்கத்துப் பெயர்களை எல்லாம் நான் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினேன். சம்பந்தியம்மா கேட்டுக் கேட்டு எழுதினார். இனிஷியலிலும் சிக்கல் உண்டு. அவர்களுக்குப் பெயருக்கு முன்னால் வருவது வீட்டுப் பெயர். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து. அதனால் தெலுங்குப் பக்கத்தில் இனிஷியலை எடுத்துவிட்டு, ‘இன்னாரின் புதல்வி’ என்று விரித்துப் போட்டோம்.

மரியாதைச் சொற்களை மாற்றவில்லை. அவர்கள் பக்கத்தில் மணமகள் ‘சி.ல.சௌ.’, நம் பக்கத்தில் ‘திருவளர்ச்செல்வி’. ஒன்றை இன்னொன்றாக்கினால் இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் அது ஒட்டாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் புரூஃபைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லவில்லை. “பெரியப்பா, என்னைக்கு ரயில் ஏறுவீங்க?” என்று மட்டும் கேட்டேன். கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, “புதன்கிழமையே ஏறினாத்தானேம்மா சரியா வரும்” என்றார். உடனே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன்.